மாறும் வருமானத்திற்கு முன்கூட்டிய வரி மதிப்பிடுதல்

முன்கூட்டிய வரி என்பது இந்தியாவில் ஒரு நிதியாண்டின் வருமானத்திற்கான வரியை, அந்த ஆண்டு முடியும் முன்பே தவணைகளாகச் செலுத்தும் முறை ஆகும். பேச்சு வழக்கில் இதனை அட்வான்ஸ் டாக்ஸ் என்பர். மாதச் சம்பளம் பெறுவோருக்கு நிறுவனமே வரியைப் பிடித்துக் கட்டிவிடுவதால் பெரும்பாலோர் இதனைப் பற்றி அறிய வேண்டிய தேவை எழுவதில்லை. ஃபிரீலான்சர் எனப்படும் தன்னுரிமைப் பணியாளர்களின் நிலை வேறு. ஒரு மாதம் இரண்டு இலட்சம் வரும், அடுத்த மாதம் ஒன்றும் வராது. இவ்வாறு ஏறி இறங்கும் வருமானம் உடையவர் சூன் மாதத்திலேயே மார்ச்சு வரையிலான வருமானத்தைக் கணித்து, அதற்கான வரியின் ஒரு பங்கைக் கட்ட வேண்டியிருக்கிறது. அந்தக் கணிப்பை எப்படிச் செய்வது, அது தவறினால் என்ன செலவாகும் என்பனவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

இங்குள்ள விகிதங்களும் பிரிவு எண்களும் 2025-26 நிதியாண்டுக்கு உரியவை. அந்த ஆண்டுக்கு 1961 ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் பொருந்தும். 2026 ஏப்ரல் 1 முதல் அதன் இடத்தில் 2025 ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. புதிய சட்டத்தில் பிரிவு எண்கள் மாறியுள்ளன. நிதியாண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்னும் இரட்டைப் பெயர்களுக்குப் பதிலாக வரி ஆண்டு என்னும் ஒரே பெயர் வழங்குகிறது. நான்கு தவணை முறை தொடர்கிறது.

## தவணைகளும் வட்டியும்

ஈட்டும்போதே வரி செலுத்துதல் என்னும் கருத்து இந்தியாவில் 1944 இல், அன்றைய 1922 ஆம் ஆண்டுச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 18ஏ பிரிவின் வழியாக வந்தது. தனிநபர்களுக்கு நெடுங்காலம் செப்டம்பர், திசம்பர், மார்ச்சு என மூன்று தவணைகளே இருந்தன. 2016 முதல் சூன் தவணையும் சேர்ந்து நான்காயிற்று.

ஓர் ஆண்டின் மொத்த வரியிலிருந்து மூலவரிப் பிடித்தத்தை, அதாவது டிடிஎஸ் தொகையைக் கழித்த பின்பு எஞ்சுவது 10,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் இருந்தால் முன்கூட்டிய வரி கட்ட வேண்டும். எஞ்சும் இத்தொகையை இக்கட்டுரையில் நிகர வரி என்போம். சூன் 15 ஆம் நாளுக்குள் நிகர வரியில் 15 விழுக்காடும், செப்டம்பர் 15 க்குள் 45 விழுக்காடும், திசம்பர் 15 க்குள் 75 விழுக்காடும், மார்ச்சு 15 க்குள் முழுவதும் செலுத்தப்பட்டிருக்க வேண்டும். இவை தனித்தனித் தவணைகளின் அளவல்ல, அந்தந்த நாள் வரை கட்டிய மொத்தத்தின் அளவு என்பதைக் கவனிக்க வேண்டும். ஆகவே சூனில் குறைவாகக் கட்டியவர் செப்டம்பரில் அக்குறையையும் சேர்த்துக் கட்டி நேராகிவிட முடியும்.

குறைவாகக் கட்டினால் 234சி பிரிவின் கீழ் வட்டி உண்டு. முதல் மூன்று தவணைகளில் ஏற்படும் குறைக்கு மாதம் 1 விழுக்காடு வீதம் மூன்று மாதத்திற்கும், மார்ச்சுத் தவணையின் குறைக்கு ஒரு மாதத்திற்கும் வட்டி கணக்கிடப்படும். முதல் இரு தவணைகளுக்குச் சிறு சலுகை உண்டு. சூனில் 15 க்குப் பதில் 12 விழுக்காடும், செப்டம்பரில் 45 க்குப் பதில் 36 விழுக்காடும் கட்டியிருந்தாலே வட்டி கிடையாது. ஆனால் அந்த எல்லைக்குக் கீழே சென்றுவிட்டால் குறை 12 இலிருந்து அல்ல, 15 இலிருந்தே அளக்கப்படும்.

இந்த வட்டியின் அமைப்பில் பலர் அறியாத ஒரு நுட்பம் உள்ளது. சூன் தவணைக்கான வட்டி நாட்களை எண்ணிப் போடப்படுவதில்லை. குறை இருந்தால் மூன்று மாத வட்டி என்பது முன்பே தீர்ந்த கணக்கு. எனவே சூன் 15 ஐத் தவறவிட்டவர் சூன் 20 இல் விரைந்து கட்டினாலும் சூன் தவணைக்கான 234சி வட்டி ஒரு ரூபாயும் குறையாது. செப்டம்பர் 15 இல் கட்டினாலும் அதே வட்டிதான். இடைப்பட்ட காலத்தில் பணத்தை வங்கியிலேயே வைத்திருப்பது இழப்பன்று. கடைசி நாள் விடுமுறையாக அமைந்தால் அடுத்த வேலை நாளில் கட்டலாம். 2025 சூன் 15 உம் 2026 மார்ச்சு 15 உம் ஞாயிற்றுக்கிழமைகள். ஆகவே அந்த ஆண்டில் இவ்விரு தவணைகளுக்கும் 16 ஆம் நாள் வரை இடமிருந்தது.

## சட்டம் பின்னோக்கிப் பார்க்கிறது

இனி இக்கட்டுரையின் மையச் சிக்கலுக்கு வருவோம். சூன் தவணையின் 15 விழுக்காடு எதன் மீது கணக்கிடப்படுகிறது? சூன் வரை வந்த வருமானத்தின் மீதன்று. அன்றைய நிலையில் நேர்மையாகச் செய்த மதிப்பீட்டின் மீதும் அன்று. ஆண்டு முடிந்து, கணக்குத் தாக்கல் செய்யும்போது தெரியவரும் முழு ஆண்டு வருமானத்தின் வரி மீது கணக்கிடப்படுகிறது. சனவரியில் யாரும் எதிர்பாராத பெரிய வேலை ஒன்று வந்தால், அது கடந்துபோன சூன் தவணையையும் குறையுள்ளதாக ஆக்கிவிடும்.

சட்டம் இதற்குச் சில விலக்குகள் அளித்துள்ளது. மூலதன ஆதாயம், பரிசுச்சீட்டு போன்ற திடீர் வரவு, பங்காதாயம் ஆகியவற்றை முன்கூட்டிக் கணிக்க இயலாது என்பதால், அவை வந்த பின்பு எஞ்சியுள்ள தவணைகளில் உரிய வரியைக் கட்டிவிட்டால் முந்தைய தவணைகளுக்கு வட்டி இல்லை. தொழில் வருமானம் முதன்முறையாகத் தோன்றும் ஆண்டுக்கும் இதே விலக்கு உண்டு. ஆகவே சம்பள வேலையை விட்டு அக்டோபரில் தனியாகத் தொழில் தொடங்கியவர் சூன், செப்டம்பர் தவணைகளை எண்ணி அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் ஏற்கெனவே தொழில் செய்துவருபவரின் வருமானம் ஆண்டின் பிற்பகுதியில் குவிந்தால் எந்த விலக்கும் இல்லை. அமெரிக்காவில் 2210 எண் படிவத்தின் ஓர் இணைப்பில், வருமானம் எப்போது வந்தது என்பதைக் காலாண்டு வாரியாகக் காட்டி அபராதத்தைக் குறைத்துக்கொள்ளலாம். இந்தியச் சட்டத்தில் அதற்கு நிகரான வழி இல்லை.

இதிலிருந்து தப்ப ஒரு வாயில் உண்டு. சட்டம், மருத்துவம், பொறியியல், கட்டிடக்கலை, கணக்கியல், தொழில்நுட்ப ஆலோசனை, தகவல் தொழில்நுட்பம் முதலிய குறிப்பிட்ட தொழில்களைச் செய்வோர் 44ஏடிஏ பிரிவைத் தேர்ந்தெடுக்கலாம். ஆண்டின் மொத்த வரவு 50 இலட்சத்திற்குள், அல்லது ரொக்க வரவு 5 விழுக்காட்டிற்கு மேற்படாதபோது 75 இலட்சத்திற்குள் இருக்க வேண்டும். வரவில் பாதியை இலாபமாகக் காட்டினால் போதும். அத்துடன் அவர்களுக்கு முதல் மூன்று தவணைகளும் இல்லை. மார்ச்சு 15 இல் முழுத் தொகையையும் ஒரே முறையாகக் கட்டலாம். வருமானம் மாறுபடும் ஒருவருக்கு இந்த இரண்டாவது சலுகையே பெரியது எனலாம், ஏனெனில் மார்ச்சு மாதத்தில் கணிக்க வேண்டியது இரண்டு வாரங்களை மட்டுமே. தகுதியுள்ளவர்கள் கீழே வரும் கணக்குகளில் இறங்கும் முன் இதனை ஆராய்வது நன்று. மொழிபெயர்ப்பு, ஓவியம், கட்டுரை எழுதுதல் போன்றவை அப்பட்டியலில் பெயர் சுட்டப்படவில்லை. அவ்வாறான ஒருவரையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

## வருமானத்தைவிட வரி வேகமாக ஆடும்

மதிப்பீட்டில் இறங்கும் முன், வருமானக் கணிப்பில் ஏற்படும் சிறு பிழை வரியில் எவ்வளவு பெரிதாகிறது என்று பார்ப்பது பயனுள்ளது. 2025-26 இல் புதிய வரி முறையின்படி முதல் 4 இலட்சத்திற்கு வரி இல்லை. அடுத்த ஒவ்வொரு 4 இலட்சத்திற்கும் முறையே 5, 10, 15, 20, 25 விழுக்காடும், 24 இலட்சத்திற்கு மேல் 30 விழுக்காடும் வரி. அதன் மேல் 4 விழுக்காடு செஸ். மொத்த வருமானம் 12 இலட்சத்திற்குள் இருந்தால் 87ஏ பிரிவின் தள்ளுபடி முழு வரியையும் நீக்கிவிடும். சம்பளம் பெறுவோருக்குக் கிடைக்கும் 75,000 ரூபாய் நிலைக்கழிவு தன்னுரிமைப் பணியாளருக்குக் கிடையாது. அவர் கழிக்கக்கூடியது தொழிலுக்குச் செய்த உண்மையான செலவுகளை மட்டுமே.

இதன் விளைவைப் பாருங்கள். செலவு போக 11,80,000 ரூபாய் ஈட்டியவருக்கு வரி சுழியம். அவருக்கு மேலும் 2 இலட்ச ரூபாய் வேலை ஒன்று கிடைத்து வருமானம் 13,80,000 ஆனால் வரி 87,000, செஸ்ஸுடன் 90,480 ரூபாய். வருமானம் 17 விழுக்காடு உயர, வரி ஒன்றுமில்லாத நிலையிலிருந்து ஏறத்தாழத் தொண்ணூறாயிரத்திற்குத் தாவுகிறது. 12 இலட்சத்தைச் சற்றே தாண்டுவோருக்கு விளிம்பு நிவாரணம் உண்டு. தாண்டிய தொகைக்கு மேல் வரி போகாது. இதை வேறு விதமாகச் சொன்னால், 12 இலட்சத்திலிருந்து ஏறத்தாழ 12,70,000 வரை ஈட்டும் கூடுதல் ரூபாய் முழுவதும் வரியாகவே போய்விடும்.

ஆகவே ஆண்டு வருமானம் 12 இலட்சத்தை ஒட்டி ஊசலாடும் ஒருவருக்கு, ஒரே ஒரு எண்ணைக் கணித்து அதன் வரியைக் கட்டுவது போதாது. குறைந்த அளவு, நடு அளவு, உயர்ந்த அளவு என மூன்றையும் கணித்து, ஒவ்வொன்றுக்கும் வரி என்னவென்று பார்க்க வேண்டும்.

## ஓர் எடுத்துக்காட்டு

மதுரையில் இருந்து பணிபுரியும் ஒரு மொழிபெயர்ப்பாளரைக் கற்பனை செய்துகொள்வோம். அவருடைய வாடிக்கையாளர்களுள் பெரும்பாலோர் வெளிநாட்டு நிறுவனங்கள். அவை வரி பிடிப்பதில்லை. உள்நாட்டு நிறுவனம் ஒன்று ஆண்டுக்கு ஏறத்தாழ 3 இலட்சத்திற்கு வேலை தந்து, 10 விழுக்காடு பிடித்துக்கொண்டு மீதியைத் தருகிறது. ஆக 30,000 ரூபாய் டிடிஎஸ். அவர் பணம் கைக்கு வரும் நாளில் வருமானத்தைப் பதியும் ரொக்கமுறைக் கணக்கைக் கையாளுகிறார். கீழே வருமானம் எனக் குறிப்பிடுவன எல்லாம் தொழிற்செலவு போக எஞ்சியவை.

சூன் நடுவில் அவருடைய வருமானம் 1,80,000 ரூபாய். இதிலிருந்து ஆண்டு வருமானத்தை எப்படி மதிப்பிடுவது? பலரும் செய்வது நேர்விகிதக் கணக்கு. இரண்டரை மாதத்தில் 1,80,000 என்றால் பன்னிரண்டு மாதத்தில் 8,64,000. தள்ளுபடிக்குள் வந்துவிடுவதால் வரி இல்லை, சூன் தவணையும் இல்லை. மாதந்தோறும் ஒரே அளவில் வரும் வருமானத்திற்கு இது சரி. பருவத்திற்கேற்ப ஏறி இறங்கும் தொழிலில் இது பெரிதும் ஏமாற்றும்.

இதைவிட நல்ல வழி, கடந்த சில ஆண்டுகளின் கணக்கை எடுத்து, சூன் 15 வரை வந்த பணம் அந்தந்த ஆண்டு வருமானத்தில் எத்தனை விழுக்காடு என்று பார்ப்பது. நம் மொழிபெயர்ப்பாளருக்குக் கடந்த மூன்று ஆண்டுகளில் இது 17, 11, 14 விழுக்காடாக இருந்தது எனக் கொள்வோம். இவற்றால் வகுத்தால் மூன்று மதிப்பீடுகள் கிடைக்கும்.

```
ஆண்டு மதிப்பீடு = இதுவரை வருமானம் ÷ இதுவரையான வழக்கமான பங்கு
1,80,000 ÷ 0.17 = 10,58,824
1,80,000 ÷ 0.14 = 12,85,714
1,80,000 ÷ 0.11 = 16,36,364
```

முதல் மதிப்பீட்டில் வரி இல்லை. மூன்றாவதில் வரி 1,32,000 ரூபாய்க்கு மேல். ஒரே சூன் மாதக் கணக்கிலிருந்து இவ்வளவு விரிந்த எல்லைகள் வருவதே, சூன் மதிப்பீட்டை மிகத் துல்லியமாக்க முயல்வது வீண் என்பதைக் காட்டும். அவர் நடு மதிப்பீட்டை எடுத்துக்கொள்கிறார். அதன் வரி செஸ்ஸுடன் 75,771. டிடிஎஸ் போக 45,771. அதில் 15 விழுக்காடு 6,866. முழுமையாக்கி 7,000 ரூபாய் கட்டுகிறார்.

செப்டம்பர் நடுவில் வருமானம் 4,50,000. இப்போது பங்கு முறையுடன் வேறொரு முறையையும் பயன்படுத்தலாம். ஆண்டின் பாதி கடந்துவிட்டதால் கையில் உள்ள ஒப்பந்தங்கள் ஓரளவு தெரியும். இதுவரை வந்தது, ஒப்புக்கொண்ட வேலைகளுக்கு மார்ச்சு 31 க்குள் வரவேண்டியது, சிறு வேலைகளிலிருந்து வழக்கமாக வருவது ஆகிய மூன்றையும் கூட்டுவதே இம்முறை. மூன்றாவதற்கு நல்ல மாதங்களின் சராசரியை எடுக்காமல், மந்தமான மாதங்களின் அளவை எடுப்பது நல்லது. அவருக்குப் பெரிய கையேடு ஒன்றின் மொழிபெயர்ப்பு ஒப்பந்தமாகி, செலவு போக 5,30,000 வரவேண்டியுள்ளது. சிறு வேலைகளுக்கு மாதம் 50,000 வீதம் ஆறரை மாதத்திற்கு 3,25,000. மொத்தம் 13,05,000. பங்கு முறையிலும் செப்டம்பர் வரை வழக்கமாக 36 விழுக்காடு என்று கொண்டால் 12,50,000 வருகிறது. இரண்டு முறைகளும் அருகருகே வந்தால் மதிப்பீட்டை நம்பலாம். வெகுவாக விலகினால் இந்த ஆண்டு பழைய ஆண்டுகளைப் போன்றதன்று என்று பொருள். அப்போது ஒப்பந்தக் கணக்கையே நம்ப வேண்டும். அவர் 13 இலட்சம் என்று வைத்துக்கொள்கிறார். நிகர வரி 48,000. அதில் 45 விழுக்காடு 21,600. ஏற்கெனவே கட்டிய 7,000 போக 15,000 கட்ட, மொத்தம் 22,000 ஆகிறது.

திசம்பருக்குள் கையேட்டின் பணம் வந்து, எதிர்பாராத வேறு வேலைகளும் சேர்ந்து வருமானம் 11,00,000 ஆகிவிட்டது. அனுப்பிய விலைப்பட்டியல்களுக்கு 2,50,000 வரவேண்டியுள்ளது. சிறு வேலைகளுக்கு 1,75,000 சேர்த்தால் 15,25,000. நிகர வரி 83,100. அதில் 75 விழுக்காடு 62,325. அவர் 41,000 கட்டி மொத்தத்தை 63,000 ஆக்குகிறார். நான்கு தவணைகளுள் திசம்பர்த் தவணையே மிகுந்த கவனத்துக்கு உரியது. இதன் அளவு பெரிது, வட்டி மூன்று மாதத்திற்கு, முதல் இரு தவணைகளுக்குள்ள சலுகை எல்லையும் இதற்கு இல்லை. கணக்குப் பார்க்க ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும் என்பவர் அதனைத் திசம்பரில் ஒதுக்குவது சிறப்பு.

மார்ச்சு 16 இல் வருமானம் 14,80,000. மேலும் ஒரு வாடிக்கையாளரிடமிருந்து செலவு போக 1,20,000 வரவேண்டியுள்ளது. அது மார்ச்சு 31 க்குள் வருமா, ஏப்ரலில் வருமா என்பது தெரியவில்லை. ரொக்கமுறைக் கணக்கில் இது முக்கியமானது. ஏப்ரல் 1 இல் வந்தால் அது அடுத்த ஆண்டு வருமானம். விலைப்பட்டியல் நாளை வைத்துக் கணக்கெழுதும் வணிகமுறையில் இந்தக் கேள்வி எழாது, ஆனால் வராத பணத்திற்கும் வரி கட்ட நேரும். அப்பணம் வராவிட்டால் நிகர வரி 76,080, வந்தால் 94,800. அவர் 13,100 மட்டும் கட்டி மொத்தத்தை 76,100 ஆக்கிவிட்டுக் காத்திருக்கிறார். மார்ச்சு 27 இல் பணம் வந்துவிடுகிறது. மறுநாளே மீதி 18,700 ரூபாயைச் செலுத்துகிறார். மார்ச்சு 31 வரை கட்டும் எத்தொகையும் முன்கூட்டிய வரியாகவே கருதப்படும் என்பதால் இவ்வழி செல்லும்.

ஆண்டு முடிவில் வருமானம் 16,00,000, மொத்த வரி 1,24,800, டிடிஎஸ் போக நிகர வரி 94,800. பின்னோக்கிப் பார்க்கும் சட்டத்தின் கணக்கு இவ்வாறு அமையும். வட்டி கணக்கிடும்போது குறைத்தொகை நூறின் மடங்காகக் கீழ்நோக்கி முழுமையாக்கப்படும்.

| தவணை | கட்டியிருக்க வேண்டியது | கட்டியது | குறை | வட்டி |
|---|---|---|---|---|
| சூன் | 14,220 | 7,000 | 7,220 | 216 |
| செப்டம்பர் | 42,660 | 22,000 | 20,660 | 618 |
| திசம்பர் | 71,100 | 63,000 | 8,100 | 243 |
| மார்ச்சு | 94,800 | 76,100 | 18,700 | 187 |

சூன், செப்டம்பர், திசம்பர் என மூன்று மதிப்பீடுகளும் குறைவாகவே அமைந்தன. அவற்றோடு மார்ச்சு மாதக் காத்திருப்பும் சேர்ந்து ஏற்பட்ட மொத்தச் செலவு 1,264 ரூபாய்.

## பிழையின் விலை

அவர் எந்தத் தவணையையும் கட்டாமல் முழுத் தொகையையும் மார்ச்சு 31 இல் கட்டியிருந்தால் வட்டி 4,785 ரூபாய் ஆகியிருக்கும். இது நிகர வரியில் ஏறத்தாழ 5 விழுக்காடு. எத்தொகைக்கும் இந்த விகிதம் மாறாது என்பதால், 234சி வட்டியின் உச்ச வரம்பு என்று இதனை நினைவில் கொள்ளலாம். சூன் தவணையை மட்டும் முழுதும் விட்டுவிட்டால் செலவு நிகர வரியில் அரை விழுக்காட்டிற்கும் குறைவு.

மிகையாகக் கட்டினால் என்ன ஆகும்? பணம் திரும்பக் கிடைக்கும், ஆனால் கணக்குத் தாக்கல் செய்து அது ஆய்வு முடியும் வரை காத்திருக்க வேண்டும். திரும்பும் தொகைக்கு மாதம் அரை விழுக்காடு வட்டி உண்டு. அதுவும் நிதியாண்டு முடிந்த பின்னரே ஓடத் தொடங்கும். திரும்பும் தொகை வரியில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவானால் அவ்வட்டியும் இல்லை. ஆகவே சூனில் மிகையாகக் கட்டிய பணம் மார்ச்சு வரை எதுவும் ஈட்டாமல் கிடக்கும். அடுத்த மாதம் வருமானம் வருமா என்று தெரியாத ஒருவருக்கு அந்தக் கையிருப்பின் மதிப்பு, சேமிக்கும் வட்டியைவிடக் கூடுதலாக இருக்கலாம். சூன், செப்டம்பரில் நடு மதிப்பீட்டை ஒட்டிக் கட்டுவதும், திசம்பரிலும் மார்ச்சிலும் உயர் மதிப்பீட்டின் பக்கம் சாய்வதும் இதனால் பொருந்தும்.

உண்மையில் செலவு பெருகும் இடம் மார்ச்சு 31 ஐக் கடந்த பின்னரே. அந்நாளுக்குள் நிகர வரியில் 90 விழுக்காடாவது கட்டாவிட்டால் 234பி பிரிவின் வட்டி தொடங்கும். இது மாதம் 1 விழுக்காடு வீதம், கட்டும் மாதம் வரை, நின்றுவிடாமல் ஓடும். மாதத்தின் ஒரு பகுதியும் முழு மாதமாகவே எண்ணப்படும். எதுவும் கட்டாமல் சூலையில் வரி கட்டும் நம் மொழிபெயர்ப்பாளருக்கு 94,800 இன் மீது நான்கு மாதத்திற்கு 3,792 ரூபாயும், முன்சொன்ன 4,785 ரூபாயும் சேர்ந்து 8,577 ஆகும். ஆகவே தவணைகளைத் தவறவிட்டவர்கூட மார்ச்சு கடைசி வாரத்தில் ஒரு முறை கணக்குப் பார்த்துக் கட்டிவிடுவது பயன் தரும்.

வட்டியைவிடப் பெரிய இடர் ஒன்றுண்டு. திசம்பரில் 41,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று கணக்குச் சொல்லும் நாளில் அந்தப் பணம் கையில் இல்லாமல் போவதே அது. வெளிநாட்டு வாடிக்கையாளர் அனுப்பும் தொகையில் வரி பிடிக்கப்படாததால் வந்தது முழுவதும் தன்னுடையது போலத் தோன்றும். நம் எடுத்துக்காட்டில் ஆண்டு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் நிகர வரி வருமானத்தில் 6 விழுக்காட்டிற்குள்தான். ஆனால் வருமானம் 12,70,000 ஐத் தாண்டிய பின்பு வரும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் 15 ரூபாய் 60 காசு வரி, 16 இலட்சத்தைத் தாண்டினால் 20 ரூபாய் 80 காசு. எனவே ஒவ்வொரு வரவிலும் ஒரே பங்கை ஒதுக்கும் பழக்கம், பெரிய வேலை வந்த மாதத்தில் போதாமல் போகும். ஆண்டின் தொடக்கத்திலிருந்தே பத்தில் ஒரு பங்கைத் தனிச் சேமிப்புக் கணக்கில் போட்டு, எல்லையைக் கடந்ததும் அதனை ஐந்தில் ஒரு பங்காக உயர்த்துவது இவருக்குப் போதுமானது.

## செலுத்தும்போது நேரும் பிழைகள்

வரியை வருமான வரித் துறையின் இணையதளத்தில் e-Pay Tax என்னும் பக்கத்தில் செலுத்தலாம். இங்கு இரண்டு தெரிவுகள் பிழைக்கு இடமளிப்பவை. முதலாவது ஆண்டு. 2025-26 நிதியாண்டின் வருமானத்திற்கு மதிப்பீட்டு ஆண்டு 2026-27 ஆகும்; பெயரளவில் அடுத்த ஆண்டுபோல் தோன்றுவதால் பலர் தவறாக முந்தையதைத் தேர்ந்துவிடுவர். இரண்டாவது வரியின் வகை. நடப்பு ஆண்டுக்குக் கட்டுவது Advance Tax (100). ஆண்டு முடிந்த பின்பு கட்டுவது Self-Assessment Tax (300). இவை மாறிப்போனால் பணம் துறைக்குச் சேர்ந்திருந்தும், அந்தத் தவணை கட்டப்படாதது போலவே வட்டி கணக்கிடப்படக்கூடும். சில நாட்கள் கழித்து ஏஐஎஸ் எனப்படும் ஆண்டுத் தகவல் அறிக்கையில் தொகையும் ஆண்டும் சரியாகத் தோன்றுகின்றனவா என்று பார்த்தால் இப்பிழைகள் உடனே தெரிந்துவிடும்.

26ஏஎஸ் படிவத்தில் டிடிஎஸ் தொகையையும் ஒப்பிட வேண்டும். வாடிக்கையாளர் 30,000 ரூபாயைப் பிடிப்பார் என்று மதிப்பீட்டில் கழித்துக்கொண்டு, அவர் பிடிக்காமலேயே முழுத் தொகையையும் தந்திருந்தால், அக்கழிவு செல்லாது. அதற்குரிய வரியும் அவரவர் முன்கூட்டிய வரியில் சேர்ந்துவிடும். வாடிக்கையாளர்கள் தம் காலாண்டு அறிக்கையைத் தாக்கல் செய்த பின்னரே டிடிஎஸ் இப்படிவத்தில் ஏறும். எனவே செப்டம்பர் நடுவில் சூன் வரையிலான பிடித்தங்களையும், திசம்பர் நடுவில் செப்டம்பர் வரையிலானவற்றையும் மட்டுமே சரிபார்க்க இயலும். அதற்குப் பின் வந்தவற்றுக்கு வங்கியில் வரவான தொகையை விலைப்பட்டியலுடன் ஒப்பிட்டு, பத்தில் ஒரு பங்கு குறைந்து வந்துள்ளதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.